தங்கமும் பங்கு நிதியும் சேர்ந்து விழுமா? ஆறு ஆண்டு ஆதாயத்தைக் கொண்டு கணக்கிடும் முறை

பினாங்கில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மனைவி லெபோ பாசார் பக்கம் போகும்போதெல்லாம் கையிலுள்ள காசுக்கு ஏற்ப 916 தங்கம் வாங்குவார். கணவரோ மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பகுதியை யூனிட் டிரஸ்ட் நிதி ஒன்றில் போடுவார். ஒருநாள் இருவரும் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: பங்குச் சந்தை சரியும் ஆண்டில் தங்கமும் சேர்ந்து சரியுமா, அல்லது ஒன்றின் இழப்பை மற்றொன்று தாங்கிக்கொள்ளுமா? இக்கேள்விக்கு எண்ணால் விடை தரும் இரண்டு அளவைகள் உள்ளன. கோவேரியன்ஸ் என்று அழைக்கப்படும் உடன்மாறுபாடு ஒன்று. கோரிலேஷன் என்று அழைக்கப்படும் ஒட்டுறவு மற்றொன்று. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றோடு ஒரு வர்க்கமூலமும் போடத் தெரிந்தால் இரண்டையும் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம்.

கீழே வரும் நிதியின் எண்களும் தங்கத்தின் எண்களும் கணக்கு சுலபமாக வருவதற்காக நானே அமைத்தவை. அவை எந்த நிதியின் உண்மையான வரலாறும் அல்ல.

முதலில் ஆண்டு ஆதாயம்

விலையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வோர் ஆண்டிலும் கிடைத்த ஆதாயத்தின் சதவீதம்தான் வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் நிதியின் ஒரு யூனிட் 50 சென், முடிவில் 54 சென், இடையில் யூனிட்டுக்கு 2 சென் இலாப ஈவு என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 4 சென், ஈவு 2 சென், ஆக 6 சென்னை 50 சென்னால் வகுத்தால் 12 சதவீதம். ஈவைச் சேர்க்க மறப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஈவு கொடுத்த நாளில் யூனிட்டின் விலை ஏறக்குறைய அதே அளவு குறைக்கப்படுவதால், ஈவை விட்டுவிட்டு விலையை மட்டும் பார்ப்பவருக்கு இலாபம் தந்த ஆண்டு சுமாரான ஆண்டாகவோ, நட்ட ஆண்டாகவோகூடத் தெரியும்.

தங்கத்திற்கு ஈவு கிடையாது. கிராம் 200 மலேசிய வெள்ளியிலிருந்து 210 வெள்ளிக்கு ஏறினால் ஆதாயம் 5 சதவீதம். ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கடையில் கொடுத்த கூலியையும் சேர்த்து வாங்கிய விலையாக எழுதி, விற்கும்போது கிடைக்கும் பழைய நகை விலையை முடிவு விலையாக எழுதினால், நீங்கள் தங்கத்தின் ஏற்ற இறக்கத்தை அல்ல, கடையின் கழிவைத்தான் அளக்கிறீர்கள். ஆகவே இரு முனையிலும் ஒரே வகை விலையையே எடுக்கவேண்டும். மேலும், உலகச் சந்தையின் தங்க விலை அமெரிக்க டாலரில் சொல்லப்படுவது. டாலரில் 10 சதவீதம் ஏறிய ஆண்டில், டாலரின் மதிப்பு வெள்ளிக்கு எதிராக 4 சதவீதம் குறைந்திருந்தால், 1.10-ஐ 0.96-ஆல் பெருக்கி 1.056 என்று கண்டு, வெள்ளிக் கணக்கில் ஆதாயம் 5.6 சதவீதம் என்று எழுதவேண்டும். ஒரு சொத்தை வெள்ளியிலும் மற்றொன்றை டாலரிலும் வைத்துக் கணக்கிட்டால், வரும் விடையில் நாணய மாற்றின் ஆட்டமும் கலந்திருக்கும்.

இரண்டு சொத்துகளின் ஆண்டும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடியவேண்டும் என்பதும் இங்கேயே கவனிக்கப்படவேண்டியது. பல நிதிகளின் நிதியாண்டு ஜூனிலோ வேறு மாதத்திலோ முடியும். ஆண்டறிக்கையில் அச்சிட்ட எண்ணை எடுத்து, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான தங்க விலைக்கு எதிரே எழுதினால், ஆண்டின் ஒரு பகுதி மட்டுமே பொதுவானது. அப்படி இணைத்த இணை இணையே அல்ல.

சராசரியும் விலக்கமும்

ஆறு ஆண்டுகளில் நிதி தந்த ஆதாயம் 12, −4, 7, −10, 15, 4 சதவீதம். கூட்டினால் 24, ஆறால் வகுத்தால் சராசரி 4. தங்கம் தந்தது 5, 0, 9, 21, 10, 3 சதவீதம். கூட்டினால் 48, சராசரி 8. இனி ஒவ்வோர் ஆண்டின் ஆதாயத்திலிருந்தும் அதனதன் சராசரியைக் கழிக்கவேண்டும். கிடைப்பதுதான் விலக்கம். பிறகு அதே ஆண்டின் இரு விலக்கங்களையும் ஒன்றோடொன்று பெருக்கிக் கடைசிப் பத்தியில் எழுதவேண்டும்.

| ஆண்டு | நிதி % | தங்கம் % | நிதியின் விலக்கம் | தங்கத்தின் விலக்கம் | பெருக்கற்பலன் |
|---|---|---|---|---|---|
| 1 | 12 | 5 | 8 | −3 | −24 |
| 2 | −4 | 0 | −8 | −8 | 64 |
| 3 | 7 | 9 | 3 | 1 | 3 |
| 4 | −10 | 21 | −14 | 13 | −182 |
| 5 | 15 | 10 | 11 | 2 | 22 |
| 6 | 4 | 3 | 0 | −5 | 0 |

மேலே செல்லுமுன் விலக்கப் பத்திகள் இரண்டையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் சுழியமாக வரவேண்டும். வராவிட்டால் சராசரியிலோ கழித்தலிலோ பிழை இருக்கிறது. சராசரியை ஒரு தசமத்தோடு நிறுத்தியிருந்தால் சிறு மிச்சம் நிற்கலாம், அது பொருட்டல்ல.

இப்போது கடைசிப் பத்தியைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும், ஏனென்றால் முழுக் கணக்கின் பொருளும் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் இரண்டுமே தத்தம் சராசரிக்கு 8 புள்ளி கீழே இருந்தன. கழித்தலைக் கழித்தலால் பெருக்கக் கூட்டலாகி, 64 வந்தது. சேர்ந்து தாழ்ந்ததும் சேர்ந்து உயர்ந்ததும் இந்தக் கணக்கில் ஒரே பக்கம்தான். முதலாம் ஆண்டு இதைவிட விந்தையானது. நிதி 12 சதவீதம், தங்கம் 5 சதவீதம், இரண்டுமே இலாபம். எனினும் பெருக்கற்பலன் −24. தங்கத்திற்கு வழக்கமான ஆண்டு 8 சதவீதம் என்பதால், 5 சதவீதம் என்பது அதன் கணக்கில் மந்தமான ஆண்டு. இந்த அளவை கேட்பது இரண்டும் இலாபம் தந்தனவா என்பதை அல்ல. இரண்டும் தத்தம் சராசரியிலிருந்து ஒரே திசையில் விலகினவா என்பதையே. ஆறாம் ஆண்டில் நிதி சரியாகத் தன் சராசரியிலேயே நின்றதால், தங்கம் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் அந்த ஆண்டுக்கு இதில் குரல் இல்லை.

உடன்மாறுபாடு

கடைசிப் பத்தியின் கூட்டுத்தொகை −117. இதை ஐந்தால் வகுத்தால் −23.4. இதுவே உடன்மாறுபாடு. ஆண்டுகள் ஆறு இருக்க ஐந்தால் ஏன் வகுக்கவேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். விலக்கங்களின் கூட்டுத்தொகை சுழியம் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இருப்பதால், ஐந்து விலக்கங்கள் தெரிந்துவிட்டால் ஆறாவது தானாகவே தெரிந்துவிடும்; சுதந்திரமாக நிற்பவை ஐந்துதான். நம்மிடம் உள்ள ஆறு ஆண்டுகள் நீண்ட காலத்தின் ஒரு மாதிரி மட்டுமே என்னும்போது ஒன்றைக் குறைத்து வகுப்பதே வழக்கம். அந்த ஆறு ஆண்டுகளே முழு உலகம் என்று கொள்பவர் ஆறால் வகுத்து −19.5 என்று எழுதுவார். இரண்டும் புத்தகங்களில் உள்ளவைதான். தொடக்கம் முதல் இறுதி வரை ஒன்றையே பின்பற்றினால் போதும்.

விடையின் அலகையும் கவனிக்கவேண்டும். 12 சதவீதத்தை 12 என்று எழுதியதால் −23.4 வந்தது. 0.12 என்று தசமமாக எழுதியிருந்தால் −0.00234 வந்திருக்கும், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே தகவல்தான் என்பதை அறியாமல், இரண்டாவது எண்ணைப் பார்த்துத் தொடர்பே இல்லை என்று முடிவுகட்டியவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஒட்டுறவு

உடன்மாறுபாட்டின் குறி மட்டுமே நேரடியாகப் பேசுகிறது. அதன் அளவு பேசுவதில்லை. ஓர் உதாரணம்: ஊழியர் சேமநிதி வாரியம் வழக்கமான சேமிப்புக்கு அறிவித்த இலாப ஈவு 2018-இல் 6.15, 2019-இல் 5.45, 2020-இல் 5.20, 2021-இல் 6.10, 2022-இல் 5.35, 2023-இல் 5.50 சதவீதம். இவற்றின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, வெறும் 0.40. இரு சொத்துகளின் உடன்மாறுபாடு அவற்றின் திட்ட விலக்கங்களின் பெருக்கற்பலனைத் தாண்டவே முடியாது என்பதால், நம் நிதியைப் போல், கீழே காணவிருக்கும் 9.53 திட்ட விலக்கத்தோடு ஆடும் ஒரு நிதியோடு சேமநிதி அச்சொட்டாகச் சேர்ந்து நகர்ந்தாலும் உடன்மாறுபாடு 4-ஐக்கூட எட்டாது. எண் சிறியதாக இருப்பதற்குக் காரணம் சேமநிதியின் ஈவு அடக்கமாக ஆடுவதுதான். அறிவிக்கப்படும் ஈவு, சந்தை விலையின் எல்லா ஏற்ற இறக்கத்தையும் உடனுக்குடன் காட்டும் எண்ணும் அல்ல. ஆகவே அதைப் பங்கு விலையோடு ஒப்பிடும் கணக்கில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை.

இந்த அலகுச் சிக்கலை நீக்கத்தான் திட்ட விலக்கங்களால் வகுக்கிறோம். நிதியின் விலக்கங்களை வர்க்கப்படுத்தினால் 64, 64, 9, 196, 121, 0, கூட்டினால் 454, ஐந்தால் வகுத்தால் மாறுபாடு 90.8; அதன் வர்க்கமூலமான திட்ட விலக்கம் 9.53. தங்கத்திற்கு 9, 64, 1, 169, 4, 25, கூட்டினால் 272, மாறுபாடு 54.4, வர்க்கமூலம் 7.38. இரு திட்ட விலக்கங்களையும் முழுத் தசமங்களோடு பெருக்கினால் 70.28. −23.4-ஐ 70.28-ஆல் வகுத்தால் −0.33. இதுவே ஒட்டுறவு. இது எப்போதும் −1-க்கும் 1-க்கும் இடையிலேயே இருக்கும், 1.2 என்றோ −3 என்றோ வந்தால் விளக்கம் தேடவேண்டாம், பிழையைத் தேடுங்கள்.

எக்செல்லில் ஆதாயங்களை B, C பத்திகளில் இரண்டாம் வரிசையிலிருந்து எழுதியிருந்தால் இவை போதும்:

```
=COVARIANCE.S(B2:B7,C2:C7)
=CORREL(B2:B7,C2:C7)
```

பெயரின் முடிவில் `S` உள்ளது ஐந்தால் வகுக்கும்; `COVARIANCE.P` ஆறால் வகுக்கும். பழைய `COVAR` என்பதும் ஆறால்தான் வகுக்கும். ஆறால் வகுத்த −19.5-ஐ, ஐந்தால் வகுத்து வந்த திட்ட விலக்கங்களோடு கலந்துவிட்டால் −0.28 வரும். உங்கள் விடை `CORREL` தரும் விடையில் சரியாக ஆறில் ஐந்து பங்காக இருந்தால், நடந்தது இந்தக் கலப்படம்தான்.

கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி

அந்தத் தம்பதியர் பணத்தைச் சரிபாதியாக இரண்டிலும் வைத்து, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் மீண்டும் சரிபாதியாக்கினார்கள் என்று கொள்வோம். கூட்டுச் சேமிப்பின் மாறுபாட்டை உடன்மாறுபாட்டிலிருந்து பெறலாம். 90.8-இல் கால் பங்கு 22.7, 54.4-இல் கால் பங்கு 13.6, இரண்டோடு உடன்மாறுபாட்டின் பாதியான −11.7-ஐச் சேர்த்தால் 24.6. இனி அதே விடையை வேறு வழியில் பெறுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் இரு ஆதாயங்களின் சராசரி 8.5, −2, 8, 5.5, 12.5, 3.5. இவற்றின் சராசரி 6. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 123. ஐந்தால் வகுத்தால் 24.6. இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து நிற்பதால் உடன்மாறுபாடு சரி. கூட்டுச் சேமிப்பின் திட்ட விலக்கம் 4.96. தனித் தங்கத்தின் 7.38-ஐயும் தனி நிதியின் 9.53-ஐயும்விட இது குறைவு என்பதுதான், அவர்கள் கேட்ட கேள்விக்கு இந்த எண்கள் தரும் விடை.

இந்தச் சோதனையிலும் பிடிபடாத பிழை ஒன்று உண்டு. என்னிடம் மாலையில் கணக்குக் கற்க வந்த ஓர் இளைஞர், பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று இரண்டு பத்திகளையும் தனித்தனியே சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டார். நம் எண்களை அப்படி அடுக்கினால் பெருக்கற்பலன்களின் கூட்டுத்தொகை 314 ஆகி, ஒட்டுறவு 0.89 என்று வரும். சராசரி மாறாது, திட்ட விலக்கம் மாறாது, மேலே செய்த இரட்டைச் சோதனையும் பொருந்திவரும். ஆனால் எந்த ஆண்டு எந்த ஆண்டோடு இணைந்தது என்பது தொலைந்துபோகும். எனவே ஆண்டு எண்ணை எப்போதும் பக்கத்திலேயே வைத்து, நினைவில் நிற்கும் ஒரு மோசமான ஆண்டையாவது மூல ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

−0.33-ஐ எவ்வளவு நம்பலாம்?

மீண்டும் பெருக்கற்பலன் பத்திக்கு வருவோம். −182 என்ற நான்காம் ஆண்டு மற்ற எல்லா ஆண்டுகளையும் விழுங்கிவிட்டது. அந்த ஆண்டில்தான் நிதி 10 சதவீதம் சரிய, தங்கம் 21 சதவீதம் ஏறியது. அதை நீக்கிவிட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? வெறுமனே −182-ஐ அடித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டக் கூடாது. ஓர் ஆண்டு போனால் இரு சராசரிகளும் மாறும். நிதியின் புதிய சராசரி 6.8, தங்கத்தின் புதிய சராசரி 5.4. புதிய விலக்கங்களைப் பெருக்கிக் கூட்டினால் 101.4, நான்கால் வகுத்தால் உடன்மாறுபாடு 25.35, ஒட்டுறவு 0.82.

ஒரே ஓர் ஆண்டை எடுத்ததும் −0.33 என்பது 0.82 ஆகிவிட்டது. அளவு மட்டுமா மாறியது, குறியே புரண்டுவிட்டது. இதில் எது உண்மை என்று கேட்பவருக்கு, இரண்டில் எதையும் உறுதியாகச் சொல்ல ஆறு ஆண்டுகள் போதாது என்பதே நேர்மையான விடை. ஆறு ஆண்டு மாதிரியிலிருந்து கிடைத்த −0.33-க்கு வழக்கமான 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான ஒட்டுறவு இருக்கக்கூடிய எல்லையை, கணக்கிட்டால், ஏறக்குறைய −0.90 முதல் 0.66 வரை நீளுகிறது. எதிரும் புதிருமாக நகரும் இரு சொத்துகளும் நன்றாகவே சேர்ந்து நகரும் இரு சொத்துகளும் அந்த இடைவெளிக்குள் அடங்கும். தொடர்பே இல்லாத இரு சொத்துகளிடமும் ஆறு ஆண்டுகளில் தற்செயலாகப் பெரிய ஒட்டுறவு தோன்றலாம். தற்செயலுக்கு ஐந்து சதவீத வாய்ப்பு மட்டுமே விட்டு, அப்படி அல்ல என்று சொல்ல, அது குறி நீங்கலாக 0.81-ஐத் தாண்டவேண்டும். ஐந்தே ஆண்டுகள் என்றால் வரம்பு 0.88 ஆக உயர்வதால், நம் 0.82-உம் அதில் தேறவில்லை.

ஆண்டு எண்களுக்குப் பதிலாக மாத எண்களை எடுத்தால் ஆறு ஆண்டுகளிலேயே 72 இணைகள் கிடைக்கும். நம்பிக்கை இடைவெளி வெகுவாகச் சுருங்கும். அந்த ஒட்டுறவு மாத ஆட்டத்தைச் சொல்வதே தவிர ஆண்டு ஆட்டத்தை அல்ல; இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. எனக்கு மாத எண்களே விருப்பம். எனினும் ஆண்டு எண்கள் மட்டுமே கையில் இருக்கும்போது, எந்த எண்ணையும் பிறரிடம் சொல்லுமுன் ஒவ்வோர் ஆண்டையும் ஒருமுறை நீக்கி, ஒட்டுறவை ஆறு முறை மறுபடி கணக்கிட்டு, ஆறு விடைகளையும் பக்கத்தில் எழுதிவைப்பேன். அந்தத் தம்பதியரிடமும் −0.33-ஐத் தனியாகச் சொல்லவில்லை. நான்காம் ஆண்டைப் போன்ற ஆண்டில் தங்கம் தாங்கியது, மற்ற ஆண்டுகளில் பெரும்பாலும் நிதியோடு சேர்ந்தே ஏறி இறங்கியது என்று, பெருக்கற்பலன் பத்தியையே அவர்கள் முன் விரித்துக் காட்டினேன்.